கடைத் திறப்பு நாளில் எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் சின்னதாக ஒரு கடை திறக்கிறார்கள் என்றால் வாழைமரம் வருவதற்கு முன்பே மைக் செட் வந்து இறங்கிவிடும். ஐயர், பூ, பூசணிக்காய், சர்க்கரைப் பொங்கல் என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்யும் வீட்டார், பாட்டை மட்டும் மைக் செட்காரரிடம் விட்டுவிடுகிறார்கள். அவர் நாலு வீட்டு விசேஷத்துக்குப் போட்டதையே இங்கும் போடுவார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் கடையில் எத்தனை மணிக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அந்த ஒரு வேலையை நீங்களே எடுத்துக்கொண்டால் அன்றைய நாளின் களையே மாறிவிடும்.

பேசுவதற்கு வசதியாக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். ஆவடியில் சி.டி.எச். சாலையிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், 10-க்கு 12 அடி இடத்தில் ஒரு தையல் கடை. வெள்ளிக்கிழமை திறப்பு. நாள்காட்டியில் நல்ல நேரம் காலை 9.15 முதல் 10.15 வரை. குறிப்புகள் எல்லாம் இந்தக் கடைக்கென்றே எழுதியவை, உங்கள் நாளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. முதலில் நேரத்தை எழுதுங்கள், பிறகு பாட்டை

பாட்டுப் பட்டியலோடு தொடங்கினால் நாற்பது பாட்டு சேர்ந்துவிடும், எது எப்போது என்று தெரியாது. ஒரு தாளில் அன்றைய வேலைகளை மணி வாரியாக எழுதுங்கள். எங்கள் தையல் கடைக்கு அது இப்படி வரும்: 4.30-க்கு கணபதி ஹோமம். 6 மணிக்கு வாசலில் கோலம், தோரணம். 8.30-க்கு உறவுக்காரர்கள் வரத் தொடங்குவார்கள். 9.15-க்கு விளக்கேற்றி ரிப்பன் வெட்டுவது. 10.15-க்குள் முதல் போணி, ஏனென்றால் வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம். அதன் பிறகு டிபன், தாம்பூலம். மாலை 5 மணிக்கு மேல் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பார்கள், முதல் நாள் வியாபாரம் நடக்கும்.

இப்படிப் பார்த்தால் அன்றைக்குத் தேவையான ஒலி ஐந்து வகைதான்: விடியலுக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, போணிக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. இருபது பாட்டு போதும். நடுவே பாட்டே இல்லாத நேரங்களும் இருக்கட்டும்.

2. ஹோமத்துக்கு ஒலிபெருக்கி வேண்டாம்

ஹோமம் பெரும்பாலும் பிரம்ம முகூர்த்தத்தில் வைக்கிறார்கள். ஆனால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி போடக்கூடாது. கோயில் பாட்டுக்கும் இது பொருந்தும். பகலில் போடுவதற்கும் எழுத்து மூலம் முன் அனுமதி வேண்டும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் 2022 முதல் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் இருக்கின்றன. உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் நாளும் நேரமும் குறிப்பிட்டு முன்கூட்டியே ஒரு மனு கொடுத்துவிடுங்கள்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஹோமத்துக்கு மந்திரம்தான் இசை. சங்கல்பத்தில் உங்கள் பெயர், நட்சத்திரம், கடையின் பெயர் எல்லாம் சொல்வார்கள். பின்னால் பாட்டு ஓடினால் நட்சத்திரத்தை மூன்று முறை கத்திச் சொல்ல வேண்டியிருக்கும். புகையும் நெய் வாசனையும் மந்திர ஒலியும் மட்டும் இருக்கும் அந்த ஒரு மணி நேரம் போல் மங்களமானது அன்று முழுக்கக் கிடைக்காது.

3. 6 மணிக்குச் சுப்ரபாதமோ கவசமோ, ஏதாவது ஒன்று

எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் இசைத்தட்டாக வந்தது. அன்றிலிருந்து நம் காலைகளோடு கலந்துவிட்டது. ஆனால் அது பெருமாளைத் துயிலெழுப்பும் பாடல். 9.15-க்கு ரிப்பன் வெட்டும்போது போட்டால் பொருளே மாறிவிடும். விடிந்ததும் போட்டால்தான் அழகு. சுப்ரபாதம், ஸ்தோத்திரம், பிரபத்தி, மங்களம் என்று நான்கு பகுதிகள் அதில் உண்டு. பாதியில் நிறுத்தாமல் மங்களம் வரை ஓடவிடுங்கள்.

முருகனைக் கும்பிடும் குடும்பம் என்றால் சூலமங்கலம் சகோதரிகள் பாடிய கந்த சஷ்டி கவசம். தேவராய சுவாமிகள் எழுதியது, சுமார் 20 நிமிடம் வரும். தலை முதல் கால் வரை ஒவ்வொரு உறுப்பையும் வேல் காக்கட்டும் என்று கேட்டுவிட்டு, பேய், பூதம், ஏவல், பகை என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லி விரட்டும். கடைக்குக் காவல் போடுகிற வேலை அது. அதனால் விருந்தினர் வருவதற்கு முன்னால், வீட்டார் மட்டும் இருக்கும்போது முடித்துவிடுவது நல்லது. வாழ்த்துச் சொல்ல வந்தவர் காதில் பேய்களின் பட்டியல் விழ வேண்டாம்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். வேலை செய்பவர்களுக்கு அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். ஒன்று போதும். அது முடிந்ததும் 8.30 வரை செட்டை அணைத்து வையுங்கள். எதிர்வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் அது.

4. வரவேற்புக்கு நாதஸ்வரம்

8.30-க்கு வருகிறவர்கள் பேசிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். பேச்சோடு போட்டி போடாத, சொல்லே இல்லாத இசை வேண்டும். நாதஸ்வரத்தைவிட அதற்குப் பொருத்தமானது எதுவும் இல்லை. காருகுறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா ஆகியோரின் ஒலிப்பதிவுகள் எளிதாகக் கிடைக்கும். நாட்டை, ஹம்சத்வனி, பிலஹரி, மலயமாருதம், கேதாரம் என்று காலைக்கும் தொடக்கத்துக்கும் ஏற்ற ராகங்களாக ஐந்தாறு எடுத்துக்கொள்ளுங்கள். ராகப் பெயர் தெரியாவிட்டால் கவலையில்லை, ஒலிப்பதிவின் தலைப்பிலேயே போட்டிருப்பார்கள்.

“மங்கள இசை” என்ற பெயரில் வரும் தொகுப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பல தொகுப்புகள் கல்யாணத்துக்கென்றே செய்தவை. ஊஞ்சலும் நலங்கும் நடுவில் வந்துவிடும். சிலவற்றில் மல்லாரி இருக்கும். மல்லாரி சுவாமி புறப்பாட்டுக்கு உரியது. ரிப்பன் வெட்ட வரும் வார்டு கவுன்சிலர் படியேறும்போது அது ஒலிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நாதஸ்வரமும் வேண்டும், எல்லோருக்கும் தெரிந்த பாட்டும் வேண்டும் என்றால், கொஞ்சும் சலங்கை (1962) படத்தில் எஸ். ஜானகி பாட, காருகுறிச்சி வாசித்த “சிங்கார வேலனே” இருக்கிறது. அந்தக் குரலும் குழலும் ஒன்றையொன்று துரத்தும்போது தெருவில் நடப்பவர்கூட ஒரு நிமிடம் நிற்பார்.

நேரடியாக நாதஸ்வரம், தவில் வைக்க வசதி இருந்தால் வையுங்கள். திருமுல்லைவாயில், திருவேற்காடு, பாடி, பூந்தமல்லிக் கோயில்களில் விசாரித்தால் கலைஞர்களை அடைய வழி கிடைக்கும். 10-க்கு 12 அடிக் கடைக்குள் தவில் அடித்தால் காது தாங்காது. வெளியே பந்தலில், தெருவைப் பார்த்து உட்கார வையுங்கள். நல்ல நேரத்துக்கு முக்கால் மணி முன்னதாக வரச் சொல்லி, டிபனை முதலில் கொடுத்துவிடுங்கள். அவர்கள் வாசிக்கும்போது மைக் செட்டில் பாட்டு கூடவே கூடாது. சம்பளத்தைத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுங்கள்.

5. விளக்கேற்றும் நிமிடம்

9.10-க்கு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இதைச் செய்யச் சொன்னால் பலர் தயங்குகிறார்கள், சத்தம் நின்றால் விழா சோர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பாட்டு நின்றதும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், பேச்சு தானாகக் குறையும், வீட்டுப் பெரியவர் திரி ஏற்றுவது எல்லோர் கண்ணிலும் படும்.

முதல் திரி ஏறியதும் கெட்டிமேளம். ஒலிப்பதிவு என்றால் கெட்டிமேளத்தை மட்டும் அரை நிமிடத்துக்கு வெட்டித் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், நீளமான பதிவில் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அது ஓய்ந்ததும் பிள்ளையார் பாட்டு ஒன்று.

இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, முத்துஸ்வாமி தீட்சிதரின் “வாதாபி கணபதிம்”. அது ஹம்சத்வனி ராகம். அந்த ராகத்தை உண்டாக்கியவர் அவருடைய தந்தை ராமஸ்வாமி தீட்சிதர். ஐந்தே சுரங்கள், எங்கும் தயக்கமோ சோகமோ இல்லாத ராகம். பல கச்சேரிகள் அந்த ராகத்தில் தொடங்குவதற்கும் அதுவே ஒரு காரணம். நீளமான கச்சேரிப் பதிவில் ஆலாபனையும் நிரவலும் இருக்கும், அதனால் ஐந்தாறு நிமிடப் பதிவாகப் பாருங்கள். இன்னொரு வழி, சீர்காழி கோவிந்தராஜனின் “விநாயகனே வினை தீர்ப்பவனே”. தமிழ், கணீரென்ற குரல், கூட்டத்தில் பாதிப் பேர் சேர்ந்து முணுமுணுப்பார்கள். தையல் கடைக்கு வரும் பெண்களையும் அக்கம்பக்கத்தாரையும் நினைத்துப் பார்த்தால் நான் சீர்காழியைத்தான் போடுவேன். கேட்பவர்கள் தாங்களும் சேர்ந்து பாடுகிற பாட்டுக்குத் தனி ஒட்டுதல் உண்டு.

6. உங்கள் ஊர்ப் பதிகம்

இதை யாரும் செய்வதில்லை என்பதால்தான் தனியாக எழுதுகிறேன். நம் மேற்குப் புறநகர் தேவாரம் பாடப்பட்ட மண். பாடியில் இருக்கும் திருவலிதாயம் கோயிலுக்கு ஞானசம்பந்தர் பாடிய பதிகம் முதல் திருமுறையில் மூன்றாவதாக இருக்கிறது. அதன் பண் நட்டபாடை, இன்று கம்பீரநாட்டையில் பாடுகிறார்கள். நாதஸ்வரக்காரர்கள் தொடக்கத்துக்குத் தேர்ந்தெடுக்கும் நாட்டைக் குடும்பத்து ஒலிதான் அது. அம்பத்தூரிலோ பாடியிலோ கடை திறப்பவர் இதைவிடப் பொருத்தமாக என்ன தேடுவார்? திருவேற்காட்டுக்கும் சம்பந்தர் பதிகம் உண்டு. தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய தேவாரப் பதிவுகளில் தேடுங்கள். பதிகத்தின் முதல் இரண்டு பாடல்களும் கடைசிப் பாடலும் போதும்.

திருமுல்லைவாயில்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊருக்குச் சுந்தரர் பாடிய பதிகம் மிக அழகானது. ஆனால் அவர் கண்ணொளி இழந்து, துயரைக் களையும்படி இறைவனிடம் முறையிட்டுப் பாடியது. கோயிலில் கேட்டு உருக வேண்டியது. திறப்பு நாளுக்குப் பக்கத்து ஊர்ச் சம்பந்தர் பதிகத்தையே வைத்துக்கொள்ளலாம். பூந்தமல்லியில் வைணவக் குடும்பம் என்றால், அந்த ஊரிலேயே பிறந்த திருக்கச்சி நம்பிகள் காஞ்சி வரதராஜப் பெருமாள் மேல் பாடிய தேவராஜாஷ்டகம் இருக்கிறது, எட்டே சுலோகங்கள்தான். அதை ஒலிபெருக்கியில் போடுவதைவிட வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் இன்னும் நன்றாயிருக்கும்.

7. முதல் போணிக்கு லக்ஷ்மி பாட்டு

திறப்பு விழாவின் நடுமணி, கல்லாவில் முதல் பணம் விழும் நேரம்தான். அதற்கென்று ஒரு பாட்டை ஒதுக்கி வையுங்கள், வேறு எந்த நேரத்திலும் அதைப் போடாதீர்கள்.

என் தேர்வு “பாக்யத லக்ஷ்மி பாரம்மா”. புரந்தரதாசர் இயற்றியது, கன்னடம். எம்.எஸ். பாடியிருக்கிறார், பீம்சேன் ஜோஷியும் பாடியிருக்கிறார். கொலுசு ஒலிக்க, அடிமேல் அடி வைத்து மெல்ல வா என்று லக்ஷ்மியை வீட்டுக்குள் அழைக்கும் பாட்டு. வெள்ளிக்கிழமைப் பூஜை வேளைக்கு வா என்றும் அதில் வரும், எங்கள் தையல் கடைக்கு நாளும் பொருந்திவிட்டது. புரந்தரதாசர் பெரும் செல்வம் படைத்த வணிகராக இருந்து, எல்லாவற்றையும் துறந்து பாடகரானவர் என்பது மரபு. காசின் அருமை தெரிந்தவர் லக்ஷ்மியை நிதானமாக வரச் சொல்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

கனகதாரா ஸ்தோத்திரமும் நல்லது. வீட்டில் இருந்த ஒரே நெல்லிக்கனியை ஆதிசங்கரருக்குப் பிச்சையாக இட்ட ஏழைப் பெண்ணுக்காக அவர் லக்ஷ்மியை வேண்ட, பொன் நெல்லிக்கனிகள் பொழிந்தன என்பது அதன் கதை. சிறு முதலோடு தொடங்குகிறவர்களுக்கு இந்தக் கதை நெருக்கமாகப் படும்.

போணி செய்யப் போகிறவர் யார் என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர் ரவிக்கைத் துணியைக் கையில் எடுத்ததும் பாட்டு தொடங்க வேண்டும். தாமதித்து 10.15-ஐத் தாண்டிவிடாதீர்கள்.

8. கடைசிச் சரணம் வரை கேட்டுவிட்டுச் சேருங்கள்

நல்ல வார்த்தையில் தொடங்கி, நடுவில் பிரிவும் இழப்புமாகப் போகும் பாட்டுகள் தமிழில் ஏராளம். பல்லவி மட்டும் நமக்கு நினைவிருக்கும், சரணம் ஒலிக்கும்போதுதான் திடுக்கிடும். திறப்புக்கு முந்தின வாரமே பட்டியலில் உள்ள ஒவ்வொரு பாட்டையும் முழுதாகக் கேளுங்கள். கேட்கும்போது இரண்டு கேள்வி: இதில் யாராவது அழுகிறார்களா? இதில் யாரையாவது பழிக்கிறார்களா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

சுமைதாங்கி (1962) படத்தில் பி.பி. ஸ்ரீனிவாஸ் பாடிய “மயக்கமா கலக்கமா” இதற்கு நல்ல உதாரணம். கண்ணதாசன் எழுதியது. சென்னையில் வாய்ப்புக் கிடைக்காமல் ஊர் திரும்ப இருந்த வாலியை இங்கேயே இருக்க வைத்த பாட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். நம்பிக்கை தருவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது துவண்டுபோனவனைத் தேற்றுகிற பாட்டு. வியாபாரம் மந்தமாக இருக்கும் ஒரு மழைக்காலச் சாயங்காலத்தில், கடையில் தனியாக இருக்கும்போது கேளுங்கள். திறப்பு நாளில் வேண்டாம்.

9. அம்மன் பாட்டு

திருவேற்காடு கருமாரியும் மாங்காடு காமாட்சியும் பக்கத்தில் இருக்க, அம்மன் பாட்டு இல்லாமல் இங்கே எந்தக் கடையும் திறக்காது. எல்.ஆர். ஈஸ்வரியின் “கற்பூர நாயகியே” போல நிதானமான நடையில் உள்ளதை எடுங்கள். பம்பையும் உடுக்கையும் வேகமெடுக்கும் வர்ணிப்புப் பாடல்களைக் கேட்டுச் சிலருக்குச் சாமி வருவது உண்டு. கோயிலில் அதற்கு இடமும் உண்டு, விபூதி கொடுத்துத் தாங்கிக்கொள்ள ஆட்களும் உண்டு. குத்துவிளக்கு எரிய, துணிகள் தொங்க, தையல் மெஷின் நிற்கும் சின்னக் கடையில் அது ஆபத்தாகிவிடும்.

10. சினிமாப் பாட்டு மாலைக்கு

5 மணிக்கு மேல் தெரு கலகலப்பாக இருக்கும். தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்தவர்களும் ரயிலிலிருந்து இறங்கியவர்களும் கடை வழியே நடப்பார்கள். அவர்களுக்குச் சினிமாப் பாட்டுத்தான் சரி.

வாலி எழுதி, எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் டி.எம். சௌந்தரராஜன் பாடிய “புதிய வானம் புதிய பூமி”யை முதலில் வையுங்கள். அன்பே வா, 1966. அடுத்து அண்ணாமலை (1992) படத்தின் “வெற்றி நிச்சயம்”, தேவா இசையில் எஸ்.பி. பாலசுப்ரமணியம். பால்காரர் ஒருவர் உழைத்து உயரும் கதை என்பதால் கடைக்காரர்களுக்கு அதன் மேல் தனிப் பாசம். படையப்பா (1999) படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் பாலக்காடு ஸ்ரீராம் பாடிய “வெற்றிக் கொடி கட்டு” மூன்றாவது. இடையே கொஞ்சம் நிதானம் வேண்டும் என்றால் ஆட்டோகிராப் (2004) படத்தின் “ஒவ்வொரு பூக்களுமே”. பா. விஜய்க்கும் சித்ராவுக்கும் தேசிய விருது வாங்கித் தந்த பாட்டு அது.

கட்சி வாடையைக் கவனியுங்கள். “புதிய வானம்” பாட்டில் வாலி முதலில் எழுதிய “உதய சூரியன்” என்ற சொல், தி.மு.க.வின் சின்னம் என்பதால் தணிக்கையில் “புதிய சூரியன்” என்று மாறியது. அப்படி மாறிய பின் இன்று எல்லாக் கட்சிக்காரரும் ரசிக்கிறார்கள். ஆனால் கட்சி மேடைகளில் ஓயாமல் ஒலிக்கும் பாட்டுகளும் உண்டு, தேர்தல் நெருங்கும் மாதங்களில் அவற்றை விட்டுவிடுங்கள். துணி தைக்க எல்லாக் கட்சி வீட்டிலிருந்தும் வருவார்கள்.

11. எல்லார் காதுக்கும்

ஆவடியில் டேங்க் தொழிற்சாலை, விமானப்படை, சி.ஆர்.பி.எப். என்று இந்தியா முழுவதிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. வடக்கே நம் நாதஸ்வரத்தின் இடத்தில் ஷெனாய் இருக்கிறது. உஸ்தாத் பிஸ்மில்லா கானின் பதிவு ஒன்றை டிபன் நேரத்தில் மெல்லிய ஒலியில் போட்டால் அவர்களுக்கும் இது நல்ல நாள் என்று புரியும். ராகு காலம் நடக்கும் 10.30 முதல் 12 வரை இப்படிச் சொல்லில்லாத இசையாக வைத்துக்கொள்வது பொருத்தம்.

கடைக்காரரே கிறிஸ்தவர் என்றால் பாதிரியார் ஜெபம் முடிந்ததும் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகள், அல்லது எஸ்.ஜே. பெர்க்மான்ஸின் ஜெபத்தோட்ட ஜெயகீதங்களில் துதிப்பாடல்கள். முஸ்லிம் குடும்பம் என்றால் கிராஅத்தும் துஆவும் முடிந்த பிறகு நாகூர் ஈ.எம். ஹனிபாவின் “இறைவனிடம் கையேந்துங்கள்”. இந்தப் பாட்டை மற்ற மதத்தார் கடைகளிலும் நான் விரும்பிக் கேட்டிருக்கிறேன். பங்குதாரரோ கட்டட உரிமையாளரோ வேறு மதம் என்றால் மாலைப் பட்டியலில் அவர்களுடைய பாட்டு ஒன்றும் இருக்கட்டும்.

12. யூடியூப் வேண்டாம், பென் டிரைவ் போதும்

விளக்கேற்றும் நிமிடத்தில் கடன் விளம்பரமோ மூட்டுவலி மருந்து விளம்பரமோ ஒலிபெருக்கியில் வந்தால் எப்படி இருக்கும்? யூடியூபில் நேரடியாக ஓடவிட்டால் அது நடக்கும். ஒரு பாட்டு முடிந்ததும் அதுவே தேர்ந்தெடுக்கும் அடுத்த பாட்டு எதுவாகவும் இருக்கலாம். புளூடூத்தில் போனை இணைத்தால் வாழ்த்துச் சொல்ல யாராவது அழைப்பார்கள், பாட்டு நின்று ரிங்டோன் தெருவுக்கே கேட்கும்.

பாட்டுகளை முறைப்படி வாங்கி, எம்.பி.3 கோப்புகளாகப் பென் டிரைவில் ஏற்றுங்கள். பல ஆம்ப்ளிஃபையர்கள் கோப்பைப் பெயர் வரிசையிலோ ஏற்றிய வரிசையிலோதான் ஓட்டும். அதனால் பெயருக்கு முன்னால் எண் போட்டு, அதே வரிசையில் ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். திரையில் தமிழ் எழுத்து தெரியாத செட்டுகள் உண்டு, ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பதே பாதுகாப்பு:

```
01_0600_kavacham.mp3
02_0830_nadaswaram.mp3
03_0915_kettimelam.mp3
04_0916_vinayagane.mp3
05_0945_lakshmi.mp3
```

முதல் நாள் மாலையே மைக் செட்காரரின் பெட்டியில் செருகி, ஐந்தும் வரிசையாக ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது பென் டிரைவ் ஒன்று கல்லாவில் இருக்கட்டும். பட்டியலைத் தாளில் எழுதி வீட்டுப் பிள்ளை ஒருவரை அதற்கென்று நிறுத்துங்கள். அன்று கடைக்காரரால் இதைப் பார்க்க முடியாது.

13. சத்தம் எவ்வளவு

“குழாய் கட்டட்டுமா அக்கா, மெயின் ரோடு வரைக்கும் கேட்கும்” என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். குழாயில் குரல் கீச்சென்று பிளந்து கேட்கும், நாதஸ்வரம் கெட்டுவிடும். இரண்டு சின்ன பாக்ஸ் போதும். அவற்றை எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்து வைக்காமல், தெருவின் நீளவாக்கில் சற்றுத் திருப்பி வையுங்கள்.

விதிப்படி பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல், வணிகப் பகுதிக்கு 65 டெசிபல் வரம்பு. இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்வதே 60-ஐ ஒட்டி இருக்கும். அளவுகோல் எளிது: கடைப் படியில் நின்று குரலை உயர்த்தாமல் பேச முடிய வேண்டும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்திலிருந்து 100 மீட்டருக்குள் கடை இருந்தால் அது அமைதிப் பகுதி. அங்கே ஒலிபெருக்கி இல்லாமல் கடைக்குள் ஒரு சிறிய ஸ்பீக்கர், அதுவும் தெருவுக்குக் கேட்காத அளவில். பக்கத்து வீட்டில் பச்சைக் குழந்தையோ நோயாளியோ இருக்கிறார்களா என்று முந்தின நாள் ஸ்வீட்டோடு போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

14. முடிக்கும்போது

பாட்டை நடுவில் பிடுங்கி நிறுத்தாதீர்கள். இரவு 8.30-க்கு மத்யமாவதி ராகத்தில் ஏதாவது ஒன்று போட்டு முடியுங்கள். கச்சேரிகளில் கடைசியாகப் பாடும் ராகம், அதுவரை நேர்ந்த குறைகளைப் போக்கும் என்பது நம்பிக்கை. நாதஸ்வரப் பதிவாக இருந்தால் இன்னும் நல்லது. அதன் பிறகு திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடையுங்கள். உடைத்த துண்டுகளை உடனே ஓரமாக ஒதுக்கிவிடுங்கள், இருட்டில் பைக்கில் வருகிறவர் வழுக்கி விழக்கூடாது.

மறுநாள் முதல் கடையில் தினமும் பாட்டுப் போடுவதாக இருந்தால் அது வேறு கணக்கு. வாடிக்கையாளர் வரும் இடத்தில் ஒலிப்பதிவைத் தொடர்ந்து ஓட்டுவதற்குப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதற்கு ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். ஆகிய அமைப்புகளை அணுகி, உங்கள் கடையின் அளவுக்கு எவ்வளவு கட்டணம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.